மனமும் உடலும் பேசிக்கொள்வதே இல்லையா? லைப்னிட்ஸின் மோனாடுகள்: ஓர் எளிய விளக்கம்

கையைத் தூக்க நினைக்கிறோம், கை எழுகிறது. காலில் முள் குத்துகிறது, வலிக்கிறது. மனம் உடலை அசைக்கிறது, உடல் மனத்தைத் தொடுகிறது என்றுதான் யாரும் நினைப்போம். அப்படி எதுவுமே நடப்பதில்லை, இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை என்று சொன்னவர் ஜெர்மானியத் தத்துவவாதி லைப்னிட்ஸ் (1646–1716). அவருடைய பதிலுக்கு ‘முன்நிறுவிய இசைவு’ என்று பெயர். பகுதிகளே இல்லாத அடிப்படைப் பொருள்களை அவர் மோனாடுகள் என்பார். அந்தப் பதில் நிற்பது அவற்றின் மேல்தான்.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கடிகாரங்களைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள். இன்னும் சிலர், கடவுள் நொடிக்கு நொடி மனத்தையும் உடலையும் ஒத்துப்போகச் செய்கிறார் என்று லைப்னிட்ஸ் சொன்னதாக எழுதுகிறார்கள். அவர் மறுத்த கருத்தே அதுதான். கடிகாரக் கதையிலும் பாதி விஷயம்தான் இருக்கிறது. மீதிப் பாதி ஒரு நாயின் முதுகில் விழுந்த அடியில் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

(நிரல் எழுதுகிறவர்கள் பேசும் மோனாடு வேறு. இங்கே அதற்கு வேலை இல்லை.)

## சிக்கல் எங்கே தொடங்கியது

பிரெஞ்சுத் தத்துவவாதி டெக்கார்ட், உலகில் அடிப்படையில் இரண்டு வகைப் பொருள்கள் இருப்பதாகச் சொன்னார். ஒன்று உடல், அது இடத்தை அடைத்துக்கொள்ளும், ஆனால் சிந்திக்காது. மற்றது மனம், அது சிந்திக்கும், ஆனால் இடத்தை அடைக்காது. நீளம், அகலம், எடை எதுவும் அதற்குக் கிடையாது.

1643ஆம் ஆண்டு மே மாதம் பொகீமிய இளவரசி எலிசபெத் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரு பொருள் நகர வேண்டுமென்றால் இன்னொன்று அதைத் தள்ள வேண்டும். தள்ளுவதற்குத் தொட வேண்டும். தொடுவதற்கு மேற்பரப்பு வேண்டும். மேற்பரப்பே இல்லாத மனம் உடலை எப்படி அசைக்கும்? அவர் கேட்டது இவ்வளவுதான். டெக்கார்ட் மறுபடி மறுபடி பதில் எழுதியும் இளவரசிக்குத் திருப்தி வரவில்லை. படித்துப் பார்த்தால் நமக்கும் வராது. மூளைக்குள் இருக்கும் பீனியல் சுரப்பியில்தான் மனமும் உடலும் சந்திக்கின்றன என்று அவர் பின்னால் விரிவாக எழுதினார். சந்திக்கும் இடத்தைச் சொன்னாரே தவிர, சந்திக்கும் விதத்தைச் சொல்லவில்லை.

லைப்னிட்ஸ் இந்தக் கேள்வியை அறிவுமுதல்வாதியாக அணுகினார். உலகின் அடிப்படை அமைப்பைப் புலன் அனுபவத்தை மட்டும் நம்பாமல் சிந்தனையாலேயே கண்டறிய முடியும் என்று நம்புகிறவர்களை அறிவுமுதல்வாதிகள் என்பார்கள். அவர் கையில் இருந்த முக்கியமான கருவி போதிய காரண விதி. எது நடந்தாலும், அது வேறு மாதிரி நடக்காமல் இப்படி ஏன் நடந்தது என்பதற்கு முழுமையான காரணம் ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்பது அந்த விதி. ‘எப்படியோ நடக்கிறது’ என்ற பதில் அவரிடம் செல்லாது.

## இரண்டு கடிகாரங்கள், மூன்று வழிகள்

1695இல் லைப்னிட்ஸ் தன் கருத்தை ஒரு பிரெஞ்சு ஆய்விதழில் வெளியிட்டார். பலருக்கும் புரியவில்லை. அடுத்த ஆண்டு அதை விளக்க அவர் எடுத்துக்கொண்டதுதான் கடிகார உவமை.

இரண்டு கடிகாரங்கள் எப்போதும் ஒரே நேரத்தைக் காட்டுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மூன்று விதமாகக் காரணம் சொல்லலாம். முதலாவது, ஒன்றின் அசைவு மற்றொன்றைப் பாதிக்கிறது. இது வெறும் கற்பனை இல்லை. ஒரே மரச்சட்டத்தில் தொங்கவிட்ட இரண்டு ஊசல் கடிகாரங்கள் தாமாகவே ஒத்து ஆடத் தொடங்குவதை டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் 1665இல் கவனித்திருந்தார். ஒன்றின் மெல்லிய அதிர்வு சட்டம் வழியாக மற்றதுக்குப் போகிறது. இரண்டாவது, ஒரு கடிகாரக்காரர் பக்கத்திலேயே நின்று ஓயாமல் முள்களைத் திருத்திக்கொண்டிருக்கிறார். மூன்றாவது, இரண்டையும் செய்தவர் அவ்வளவு துல்லியமாகச் செய்திருப்பதால், தொடங்கிவிட்ட பிறகு ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு ஓடியே ஒத்துப்போகிறது.

முதல் வழி டெக்கார்ட்டுடையது. இரண்டாவது பிரெஞ்சுத் தத்துவவாதி மாலப்ராஞ்ச் முதலானோருடையது: நான் கையைத் தூக்க நினைக்கும்போது கடவுள்தான் கையைத் தூக்குகிறார், என் நினைப்பு அதற்கு ஒரு சந்தர்ப்பம் மட்டுமே. இதைச் சந்தர்ப்பவாதம் என்பார்கள் (அரசியலில் சொல்லும் சந்தர்ப்பவாதத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்). மூன்றாவதுதான் லைப்னிட்ஸுடையது.

## முதல் இரண்டும் ஏன் ஆகாது?

முதல் வழியை மறுக்க லைப்னிட்ஸ் இயற்பியலைக் கொண்டுவருகிறார். அவர் சொல்வது இது: உலகத்திலுள்ள இயக்கத்தின் மொத்த அளவு கூடவோ குறையவோ செய்யாது என்பதை டெக்கார்ட் ஏற்றுக்கொண்டவர். ஆகவே மனம் புதிதாக இயக்கத்தை உண்டாக்க முடியாது. ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் துகளின் திசையை மட்டும் மனம் திருப்பலாமே என்று ஒரு சந்து விடப்பட்டது. (டெக்கார்ட் இதை இப்படியேதான் சொன்னாரா என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு.)

இப்போது ஒரு சிறு கணக்கு. எடை 1 உள்ள ஒரு துகள் கிழக்கு நோக்கி வேகம் 3இல் போகிறது. மனம் அதை வடக்கே திருப்புகிறது. வேகம் அதே 3. எடையை வேகத்தால் பெருக்கினால் முன்பும் 3, பின்பும் 3. டெக்கார்ட்டின் கணக்கில் குறையே இல்லை. ஆனால் திசையையும் சேர்த்துப் பாருங்கள். கிழக்கு நோக்கி இருந்த 3 அப்படியே காணாமல் போய்விட்டது, வடக்கே புதிதாக ஒரு 3 முளைத்திருக்கிறது. வேறு எந்தப் பொருளும் அந்த இழப்பை வாங்கிக்கொள்ளவில்லை, வரவை ஈடுகட்டவுமில்லை. பொருள்கள் மோதும்போது ஒவ்வொரு திசையிலும் உள்ள மொத்த இயக்கம் மாறாமல் இருக்கிறது என்பதை லைப்னிட்ஸ் காலத்தில் கண்டுபிடித்திருந்தார்கள். அந்தச் சந்தும் அடைபட்டது. டெக்கார்ட்டுக்கு இந்த விதி தெரிந்திருந்தால் என் கொள்கைக்கே வந்து சேர்ந்திருப்பார் என்று லைப்னிட்ஸ் கொஞ்சம் பெருமையாகவே எழுதுகிறார்.

இரண்டாவது வழி மேல் அவருக்கு இருந்த குறை வேறு. இயற்கையில் தினமும் நடக்கும் ஒரு காரியத்துக்கு நொடிதோறும் கடவுளை இழுத்துவந்தால் அது முடிவில்லாத அற்புதம் ஆகிவிடும். இயற்கை நிகழ்ச்சிக்குக் காரணம் அந்தப் பொருளின் இயல்பிலேயே இருக்க வேண்டும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: மனம் உடலைத் தள்ளவில்லை, கடவுளும் நடுவில் நின்று ஓயாமல் திருத்தவில்லை. அப்படியானால் மனத்தின் ஒவ்வொரு நிலையும் மனத்துக்கு உள்ளிருந்தே வர வேண்டும். எப்படி வரும்? கடிகார உவமை இங்கே கைகொடுக்காது. கடிகாரத்துக்குள் சுருள்வில்லும் பற்சக்கரங்களும் இருக்கின்றன. மனத்துக்குள் என்ன இருக்கிறது?

## மோனாடு

லைப்னிட்ஸின் வாதம் ஒரு சாதாரணமான இடத்தில் தொடங்குகிறது. கூட்டுப்பொருள் எதுவானாலும் அதன் இருப்பு அதன் பகுதிகளிலிருந்து வருகிறது. அந்தப் பகுதிகளும் கூட்டுப்பொருள்கள் என்றால், அவற்றின் இருப்பு இன்னும் சிறிய பகுதிகளிலிருந்து வர வேண்டும். இப்படியே முடிவில்லாமல் போனால் இருப்பு எங்கிருந்தும் வராது. கடன் கொடுத்தவரே இன்னொருவரிடம் கடன் வாங்கியவர் என்று நீண்டுகொண்டே போகும், பணம் யாரிடமும் இருக்காது. ஆகவே பகுதிகளே இல்லாத, உண்மையிலேயே ஒன்றாக இருக்கும் பொருள்கள் இருக்க வேண்டும். அவைதான் மோனாடுகள்.

இவற்றை மிக மிகச் சின்ன உருண்டைகளாகக் கற்பனை செய்துகொள்வதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. எவ்வளவு சிறியதானாலும் உருண்டைக்கு இடப்பக்கம், வலப்பக்கம் உண்டு. அதாவது பகுதிகள் உண்டு. மோனாடுக்கு அளவே கிடையாது, வடிவமும் கிடையாது. அதற்கு நமக்குத் தெரிந்த மிக நெருங்கிய எடுத்துக்காட்டு நம் மனமே.

பகுதிகள் இல்லாததால் வெளியிலிருந்து எதுவும் மோனாடுக்குள் புகுந்து எதையும் இடம் மாற்றி வைக்க முடியாது. 1714இல் எழுதிய குறுநூலில் லைப்னிட்ஸ் இதைத்தான் ‘மோனாடுகளுக்குச் சன்னல்கள் இல்லை’ என்கிறார். ஆனாலும் அவை மாறிக்கொண்டே இருக்கின்றன. அவற்றுக்குள் இருப்பவை இரண்டு. ஒன்று உணர்தல்: ஒன்றாகவே இருக்கும் பொருளுக்குள் பலவற்றின் நிலை ஒரே சமயத்தில் பதிந்திருப்பது. இன்னொன்று நாட்டம்: ஓர் உணர்தலிலிருந்து அடுத்ததற்கு நகரும் உள்ளார்ந்த போக்கு. சுருள்வில்லும் பற்சக்கரமும் செய்கிற வேலையை இங்கே செய்பவை இவை இரண்டும்தான்.

ஒவ்வொரு மோனாடும் முழு உலகத்தையும் உணர்கிறது. ஆனால் தன் கோணத்திலிருந்து மட்டுமே, சிலவற்றைத் தெளிவாகவும் பெரும்பாலானவற்றை மங்கலாகவும். உணர்வது வேறு, உணர்கிறோம் என்று தெரிவது வேறு. இரண்டாவதைத் தன்னுணர்வு என்போம். தன்னுணர்வுக்கு எட்டாத மங்கலான உணர்தல்கள்தான் நுண்ணுணர்வுகள். கடற்கரையில் கேட்கும் இரைச்சலை லைப்னிட்ஸ் எடுத்துக்காட்டாகச் சொல்வார். ஒரு தனி அலையின் ஒலி நம் கவனத்துக்கு வருவதில்லை. ஆனாலும் அது கொஞ்சமாவது நமக்குள் பதிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நூறாயிரம் அலைகள் சேர்ந்தாலும் இரைச்சல் வராது. ஒன்றுமில்லாததை எத்தனை முறை கூட்டினாலும் ஒன்றுமில்லைதானே.

## நாயும் தடியும்

இப்போது அந்த நாய்க்கு வருவோம். 1697இல் பிரெஞ்சுத் தத்துவவாதி பியர் பெய்ல் தன் புகழ்பெற்ற அகராதியில் ஒரு கேள்வி எழுப்பினார். ஒரு நாய் மகிழ்ச்சியாகத் தின்றுகொண்டிருக்கிறது. பின்னாலிருந்து யாரோ தடியால் ஓங்கி அடிக்கிறார்கள். நாயின் மனம் இன்பத்திலிருந்து வலிக்குச் சட்டென்று தாவுகிறது. தடி நாயின் உடலில் பட்டு, உடல் மனத்தைப் பாதித்தது என்றால் இது எளிதில் விளங்கும். ஆனால் லைப்னிட்ஸ் சொல்வதுபோல் மனத்தின் ஒவ்வொரு நிலையும் அதன் முந்தைய நிலையிலிருந்தே வருகிறது என்றால், தின்னும் இன்பத்திலிருந்து வலி எப்படிப் பிறக்கும்? இன்பத்துக்குள் வலிக்கான காரணம் எதுவுமே இல்லையே. உலகத்தில் அந்த நாயின் மனம் ஒன்று மட்டும் இருந்தால்கூட அந்த நொடியில் வலிக்கும் என்று சொல்கிறீர்களா?

இவர் கேட்பது லைப்னிட்ஸின் சொந்த விதியான போதிய காரணத்தைத்தான் என்பதைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் எழுந்த எதிர்வாதங்களிலேயே கூர்மையானது இதுதான் என்பது என் கருத்து.

லைப்னிட்ஸின் பதிலைப் படிப்படியாகப் பார்க்கலாம். அடி விழுவதற்குச் சற்று முன்னால் நாயின் மனத்தில் என்ன இருக்கிறது? தின்னும் இன்பம் மட்டும்தான் என்று பெய்ல் நினைக்கிறார். அந்த நேரத்தில் நாயின் தன்னுணர்வில் இருப்பது வேண்டுமானால் அதுவாக இருக்கலாம். ஆனால் நாயின் மனமும் ஒரு மோனாடு. முழு உலகமும் மங்கலாக அதில் பதிந்திருக்கிறது. பின்னால் ஒருவர் நிற்பது, அவர் கை உயர்வது, தடி காற்றில் வருவது, இவற்றால் உடலைச் சுற்றி ஏற்படும் மிக மெல்லிய மாற்றங்கள் எல்லாமே நுண்ணுணர்வுகளாக ஏற்கெனவே அங்கே இருக்கின்றன. நாய்க்குத்தான் அது தெரியவில்லை.

ஆக, வலி முளைத்தது இன்பத்திலிருந்து அல்ல. இன்பமும் அதோடு சேர்ந்த எண்ணற்ற நுண்ணுணர்வுகளும் கொண்ட அந்த முழு நிலையிலிருந்துதான் அடுத்த முழு நிலை வந்தது. தடி நெருங்க நெருங்க அது தொடர்பான நுண்ணுணர்வுகள் வலுத்துக்கொண்டே வருகின்றன. அடி விழும் நொடியில் அவை தன்னுணர்வின் வாசலைத் தாண்டி வலியாகத் தெரிகின்றன. நமக்குத் தாவலாகத் தோன்றுவது உள்ளே படிப்படியான வளர்ச்சிதான்.

உடல் பக்கமும் இதே நேரத்தில் ஒரு தொடர் ஓடுகிறது. தசைகள் கையை இழுக்கின்றன, கை தடியை வீசுகிறது, தடி தோலை அழுத்துகிறது, நரம்பு அதிர்கிறது, கால்கள் துள்ளுகின்றன. இந்தத் தொடரில் ‘வலி’ என்று ஒரு கண்ணி எங்குமே தேவைப்படவில்லை. மனத்தின் தொடரில் தடி வந்து ‘தொடும்’ இடம் என்று ஒன்றும் தேவைப்படவில்லை. ஒன்று தள்ளுதலின் விதிகளின்படி ஓடுகிறது. மற்றது நாட்டத்தின்படி, நல்லதாகத் தோன்றுவதை நோக்கியும் கெட்டதாகத் தோன்றுவதிலிருந்து விலகியும் ஓடுகிறது. இரண்டும் கண்ணிக்குக் கண்ணி பொருந்துகின்றன, ஏனென்றால் படைப்பின் தொடக்கத்திலேயே அவை பொருந்தும்படி தேர்ந்தெடுக்கப்பட்டவை. ‘முன்நிறுவிய’ என்பதன் பொருள் இவ்வளவுதான்.

நாய் தனியாக இருந்தால்? கடவுள் நினைத்தால் அப்படி ஒரு மனத்தை மட்டும் படைத்திருக்கலாம், அப்போதும் அதற்கு வலித்திருக்கும் என்று லைப்னிட்ஸ் ஒப்புக்கொள்கிறார். ஆனால் உலகத்தின் ஒழுங்குக்கு அது பொருந்தாத வெறும் கற்பனை என்கிறார்.

## அப்படியானால் ‘நான் கையைத் தூக்கினேன்’ என்பது பொய்யா?

இல்லை. ஒரு மாற்றத்துக்கான காரணம் எதில் தெளிவாகத் தெரிகிறதோ அது செய்தது என்கிறோம். எதில் மங்கலாக இருக்கிறதோ அது செயலுக்கு உள்ளானது என்கிறோம். கையைத் தூக்கும்போது ஏன் தூக்குகிறேன் என்பது என் மனத்தில் தெளிவாக இருக்கிறது, ஆகவே நான் தூக்கினேன். அடிபட்ட நாயின் மனத்தில் அடிக்கான காரணம் மங்கலாகத்தான் இருந்தது, ஆகவே அது அடிபட்டது. பேச்சு வழக்கை மாற்ற வேண்டியதில்லை, அதன் பொருளைத்தான் அவர் மாற்றுகிறார்.

இன்னொன்று. கடிகார உவமையை வைத்துப் பார்த்தால் மனம் ஒரு கடிகாரம், உடல் அதற்குச் சமமான இன்னொரு கடிகாரம் என்று தோன்றும். லைப்னிட்ஸின் முதிர்ந்த கருத்தில் உடல் தனியாக நிற்கும் பொருளே அல்ல. அது எண்ணற்ற மோனாடுகளின் கூட்டம், நம் உணர்தலில் ஒரே பொருளாகத் தோன்றுகிறது. அந்தக் கூட்டத்தில் எல்லாவற்றையும்விடத் தெளிவான உணர்தல் உள்ள மோனாடுதான் மனம். எனவே இசைவு இரண்டு பொருள்களுக்கு நடுவில் இல்லை; எல்லா மோனாடுகளுக்கும் இடையில் இருக்கிறது. மனமும் உடலும் அதில் நமக்குக் கண்ணுக்குத் தெரிகிற ஒரு பகுதி.

## எங்கே இடிக்கிறது

பெய்ல் விடவில்லை. அகராதியின் இரண்டாம் பதிப்பில், 1702இல், மறுபடி கேட்டார். பகுதிகளே இல்லாத பொருளுக்குள் இவ்வளவு வகை வகையான மாற்றங்கள் எங்கிருந்து வரும்? தனியாக விடப்பட்ட அணு ஒரே நேர்கோட்டில் ஒரே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். தனியாக விடப்பட்ட மனமும் ஒரே இன்பத்தில் அப்படியே நின்றுவிட வேண்டியதுதானே? மனம் எளிமையானதுதான், ஆனால் அதன் ஒரு நிலைக்குள்ளேயே முடிவில்லாத வகைகள் அடங்கியிருக்கின்றன, அணுவுக்கு அப்படி உள்ளடக்கம் இல்லை என்று லைப்னிட்ஸ் பதில் எழுதினார். நுண்ணுணர்வுகளை ஏற்றுக்கொண்டால் இந்தப் பதில் நிற்கும். ஏற்காவிட்டால் மோனாடு முழுவதுமே சரியும். அவர் கொள்கையின் கனமெல்லாம் அந்த ஓர் இடத்தில்தான் இறங்குகிறது.

நடைமுறை வடிவத்திலும் ஒரு பயம் வந்தது. எல்லாம் முன்பே நிறுவப்பட்டது என்றால் செய்த குற்றத்துக்கு யார் பொறுப்பு? லைப்னிட்ஸின் கருத்துகளைப் பரப்பிய கிறிஸ்டியன் வொல்ஃப், 1723இல் ஹாலே பல்கலைக்கழகத்திலிருந்து துரத்தப்பட்டார். 48 மணி நேரத்துக்குள் நாட்டைவிட்டுப் போகாவிட்டால் தூக்கு என்று பிரஷ்ய மன்னர் உத்தரவிட்டார். இந்தக் கொள்கையை ஏற்றால் படையிலிருந்து ஓடும் சிப்பாயைக்கூடத் தண்டிக்க முடியாது என்று எதிரிகள் மன்னரிடம் சொல்லிவைத்ததாகக் கதை உண்டு. லைப்னிட்ஸைக் கேட்டிருந்தால், சிப்பாய் ஓடியது அவன் மனத்துக்குள் இருந்த சொந்த நாட்டத்தால்தான், வெளியே இருந்து எதுவும் அவனைத் தள்ளவே இல்லை என்று சொல்லியிருப்பார். மன்னருக்கு அது போதுமானதாகவே இருந்திருக்கும்.